வடை வண்டிலுக்கு ஒரு விமர்சனம்

தமிழ்ப் பாடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒப்படை இதுதான்: ஊரில் பலரும் விரும்பும் ஓர் உணவுக் கடையைத் தெரிவு செய்து, அதன் சுவையையும் சுத்தத்தையும் நியாயமாக விமர்சித்து எழுதுக. எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. கடற்கரை வீதி முடியும் இடத்தில் பின்னேரமானால் வந்து நிற்கும் வடை வண்டிலைப் பற்றிக் கால் மணித்தியாலத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

நான் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். "இறால் வடையின் சுவை அருமை. ஆனால் வண்டில் அழுக்கு. தாச்சி கரி பிடித்திருக்கிறது. வடை தட்டுபவர் வெறுங்கையால் மாவைத் தொடுகிறார். போன கிழமை என் சாச்சியின் மகள் இங்கே வடை சாப்பிட்டுத்தான் வயிற்றோட்டத்தில் கிடந்தாள்."

டீச்சர் அதை வாசித்துவிட்டு மூன்று சொற்களைச் சுற்றி வட்டம் போட்டார். அருமை, அழுக்கு, சாப்பிட்டுத்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: "கண்டதா, நினைத்ததா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் அந்த வண்டிலுக்கு மூன்று நாட்கள் போனேன். இந்தக் கட்டுரை அந்த மூன்று நாட்களைப் பற்றியது.

முதலில் 'சாப்பிட்டுத்தான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் மூன்றிலும் பாரமானது. ஒருவரின் பிழைப்பை ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய சொல் அது. சாச்சியின் வீட்டுக்குப் போய், அன்றைய தினத்தை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கேட்டு எழுதினேன். பகல் ஒரு மணிக்கு ஒரு வலீமா வீட்டில் புரியாணி. பின்னேரம் ஆறு மணிக்கு வண்டிலில் இரண்டு வடை. இரவு பன்னிரண்டு மணியளவில் வயிற்று வலியும் வயிற்றோட்டமும்.

வயிற்றைக் குழப்பியது கடைசியாகச் சாப்பிட்ட பொருள்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். உயிரியல் அப்படிச் சொல்வதில்லை. ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியா உணவில் விட்டுச்செல்லும் நச்சு அரை மணித்தியாலம் முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் வேலையைக் காட்டும். பெரும்பாலும் வாந்திதான் முன்னுக்கு வரும். பெரிய சட்டியில் சமைத்த இறைச்சி மெதுவாக ஆறும்போது பெருகுகின்ற குளொஸ்ட்ரிடியம் வகைப் பற்றீரியா ஆறு முதல் இருபத்து நான்கு மணித்தியாலம் எடுக்கும். அதில் வயிற்று வலியும் வயிற்றோட்டமும் இருக்கும், வாந்தி குறைவு. சல்மொனெல்லாவுக்குச் சில நாட்களே ஆகலாம். வடைக்கும் நோய்க்கும் இடையில் ஆறு மணித்தியாலம், புரியாணிக்கும் நோய்க்கும் இடையில் பதினொரு மணித்தியாலம். அவளுக்கு வாந்தி இருக்கவில்லை. இதை வைத்துப் புரியாணிதான் குற்றவாளி என்று சொல்லவும் முடியாது, வடை குற்றமற்றது என்று சொல்லவும் முடியாது. அவளோடு அன்று வடை சாப்பிட்ட மற்ற மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவும் ஒரு தடயமே ஒழிய நிரூபணம் அல்ல, ஏனென்றால் ஒரே உணவைச் சாப்பிட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆகவே அந்த வசனத்தை முழுமையாக வெட்டினேன். வெட்டும்போது, அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பில் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அடுத்தது 'அழுக்கு'. திங்கட்கிழமை அஸருக்குப் பிறகு வாப்பாவோடு போய் வண்டிலுக்கு எதிரேயிருந்த வாங்கில் உட்கார்ந்தேன். வாப்பாவுக்குப் பத்திரிகை, எனக்குக் கொப்பி. ஒரு வடை மாவாக இருந்து கைக்கு வரும்வரை எதெதைத் தொடுகிறது என்பதை வரிசையாகக் குறித்தேன். ஐந்தாறு வடைகளைப் பின்தொடர்ந்த பிறகு ஒன்று பிடிபட்டது. அந்த வரிசையின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கொதிக்கும் எண்ணெய்தான் அந்தக் கோடு. அதற்கு முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் ஒன்றல்ல.

வடை பொரியும் எண்ணெய் ஏறத்தாழ 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். வடையைப் போட்டதும் எழும்பும் குமிழிகள் எண்ணெய் கொதிப்பதால் வருபவை அல்ல. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வருகிறது. அப்படியென்றால் வடையின் உள்ளேயும் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குக் கிட்டச் சூடு போகிறது. அந்தச் சூட்டில் நோய் தரும் பெரும்பாலான பற்றீரியாக்கள் மிஞ்சுவதில்லை. நான் முகம் சுளித்த வெறுங்கை, கோட்டுக்கு முன்னால் இருக்கிறது. கரி பிடித்த தாச்சியின் வெளிப்புறம் உணவைத் தொடவே இல்லை. பார்க்க அசிங்கமாக இருப்பதும் ஆபத்தாக இருப்பதும் வேறு வேறு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

ஆனால் கோட்டுக்கு முன்னால் எதுவும் நடக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சற்று முன் சொன்ன ஸ்டெபிலோகொக்கஸ் சூட்டில் செத்துவிடும், அது விட்ட நச்சோ பொரித்தாலும் போகாது. கையில் சீழ்ப்புண் இருக்கும் ஒருவர் பகல் பிசைந்த மாவை வெக்கையில் மணிக்கணக்காக வைத்திருந்தால் தாச்சியாலும் அதைத் திருத்த முடியாது. அதனால் இரண்டு விடயங்களைப் பார்த்தேன். அவருடைய விரல்களில் காயமோ கட்டோ இல்லை. அரைத்த பருப்பு ஒரு சிறிய பேசினில் வந்தது. அது முடிந்ததும் அவருடைய தம்பி சைக்கிளில் போய் வீட்டிலிருந்து இன்னொரு பேசின் கொண்டுவந்தார். இறால், ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் இருந்தது. பொரித்து எடுத்த இறாலைப் பிய்த்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் எங்கும் மிச்சமில்லை, உள்ளே வெள்ளையாக இறுகியிருந்தது. கோட்டுக்கு முன்னால் அவர் நல்லாகவே செய்கிறார்.

கோட்டுக்குப் பின்னால்தான் சிக்கல். பொரித்த வடையை அவர் இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார். அதற்குப் பிறகு அது வண்டிலில் வேலை செய்யும் பையனின் பொறுப்பு. அந்தப் பையன் பொலித்தீன் கையுறை போட்டிருந்தான். என் முதல் வரைவில் அவனை ஒரு வரியில் பாராட்டியும் இருந்தேன்! இப்போது எண்ணிப் பார்த்தேன். அதே கையுறையோடு காசு வாங்கினான், மிச்சம் கொடுத்தான், ஒரு தடவை மூக்கைத் தேய்த்தான், பிறகு வடையை எடுத்துக் கடதாசியில் சுற்றினான். கையுறை அவனுடைய கையைத்தான் காப்பாற்றியது, வடையை அல்ல. வெறுங்கையோடு நின்ற முதலாளியோ நான் பார்த்திருந்த நேரம் முழுவதும் காசைத் தொடவில்லை. நான் புள்ளி போட்ட இருவரின் புள்ளியையும் மாற்றிப் போட வேண்டியதாயிற்று.

சுற்றிக் கொடுக்கும் கடதாசி பழைய பரீட்சை விடைத்தாள். எனக்குக் கிடைத்த வடை பத்தாம் ஆண்டுக் கணிதத் தாளில் வந்தது, சிவப்புப் பேனையில் 32 புள்ளி. யாருடையது என்று கேட்காதீர்கள். எழுதியவர், திருத்தியவர், பழைய கடதாசிக் கடைக்காரர் என்று அந்தத் தாள் எத்தனை கைகளைக் கண்டிருக்கும்! மையும் சூடான எண்ணெயில் ஊறி வடையில் ஒட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது சம்பல். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தக்காளி, உப்பு, தேசிக்காய்ப் புளி. சூடே படாத பொருள், சூடான வடையின் மேல் வைக்கப்படுகிறது. வைத்த பிறகு வேறு சூடு எதுவும் இல்லை. நான்கு மணிக்கு அரிந்த சம்பல் மூடியில்லாத பேசினில் இருந்தது. குறையக் குறைய அதன் மேலேயே புதிதாக அரிந்ததைக் கொட்டினார்கள். பேசினின் அடியில் இருப்பது எப்போதும் நான்கு மணிச் சம்பல்தான். கரண்டி அடிக்கடி பிடியோடு உள்ளே விழுந்தது, பையன் விரலால் எடுத்தான். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பற்றீரியா பெருகும் என்று படித்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பின்னேரம் அதன் நடுவில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. நல்ல சூழல் கிடைத்தால் சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். நான்கு மணித்தியாலத்தில் பன்னிரண்டு இரட்டிப்பு, ஒன்று நாலாயிரத்துக்கு மேல். தேசிக்காய்ப் புளியும் உப்பும் அந்த வேகத்தைக் குறைக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தக்காளித் தண்ணீரும் புதிதாகக் கொட்டும் வெங்காயமும் சேரச் சேரப் புளிப்பு மெலிந்துகொண்டே போகிறது. எட்டு மணிச் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தால் அந்த வித்தியாசம் தெரிந்தது.

(வெப்பத்தை அளக்க ஆய்வுகூட வெப்பமானியைக் கொண்டுபோகலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். உடையக்கூடிய கண்ணாடியை ஊரார் சாப்பிடும் உணவுக்குள் வைத்து சுத்தத்தை அளக்கப் போகிறாயா என்று கேட்டார். பிறகு நான் கேட்கவில்லை.)

எண்ணெயைப் பற்றியும் எழுத வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து எண்ணெய் பழசு என்று சொல்லக் கூடாது. மஞ்சளும் கொச்சிக்காய்த் தூளும் புது எண்ணெயையும் ஒரு மணித்தியாலத்தில் சிவக்க வைத்துவிடும். வடை போடுவதற்கு முன்பே புகைகிறதா, வடையை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நிற்கிறதா, தொண்டையில் காறும் மணம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை இவற்றில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு போனபோது மூன்றும் இருந்தன. அன்று பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றுவதையும் கண்டேன். ஆனாலும் இதை நான் சம்பலோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பழுதான சம்பல் ஒருவரை அன்றிரவே படுக்க வைக்கலாம். பழைய எண்ணெய் அடிக்கடி சாப்பிடுபவருக்குக் காலப்போக்கில் கெடுதல், மற்றவருக்கு அன்றைய வடையின் ருசி கெடும். இரண்டும் குறைதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு சத்தம் போடுவது நியாயமல்ல.

இனி 'அருமை'. இதில்தான் என்னை நானே பிடித்தேன். திங்கட்கிழமை நான் வடைக்கு ஆறு புள்ளி எழுதியிருந்தேன். வியாழக்கிழமை ஒன்பது. அதே ஆள், அதே தாச்சி, அதே இறால். என்ன மாறியது? வியாழன் நான் சுன்னத்தான நோன்பு பிடித்திருந்தேன். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பைத் திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு நேரே வண்டிலுக்குப் போனேன். அந்த நேரத்தில் வெறும் பாணுக்குக்கூட ஒன்பது கொடுத்திருப்பேன். அன்று கூட்டத்தில் சம்பல் முடிந்து, பேசினைக் கழுவிப் புதிதாக அரிந்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஒன்பதில் எவ்வளவு சம்பலுடையது, எவ்வளவு என் பசியுடையது என்று பிரிக்க வழியில்லை. அதனால் இரண்டு புள்ளிகளையும் அழித்துவிட்டு, பசியும் பெயரும் இடையில் வராத ஒரு முறையைத் தேடினேன்.

உணவின் சுவையைச் சோதிப்பவர்கள் செய்யும் மிக எளிய முறை ஒன்று இருக்கிறது. மூன்று துண்டுகள் வைப்பார்கள், இரண்டு ஒரே இடத்தவை, ஒன்று வேறு. சாப்பிடுபவர் வேறானதைச் சொல்ல வேண்டும். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒரு தடவை சரிவரும். ஆகவே பல தடவை செய்து, அதைவிட அதிகம் சரிவருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வீதி தள்ளி இன்னொரு வண்டில் இருக்கிறது, அங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை. சனிக்கிழமை காக்கா இரண்டு இடத்திலும் வடை வாங்கி வந்தார், சம்பல் தனித்தனியாக. இரண்டையும் ஒரே மாதிரி இலேசாகச் சூடாக்கிச் சிறு துண்டுகளாக்கினேன். கடற்கரை வடையை எங்கே கண்டாலும் கண்டுபிடிப்பேன் என்று சொல்லும் வாப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

சம்பல் இல்லாமல் ஆறு தடவை கொடுத்தேன். இரண்டு தடவைதான் சரி. ஊகித்தாலும் அவ்வளவுதான் வரும். உம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிறகு அந்தந்த வண்டிலின் சம்பலோடு ஆறு தடவை கொடுத்தேன். ஆறும் சரி.

ஒரு வீடு, ஒரு நாக்கு, ஒரு இரவு. பெரிய ஆராய்ச்சி அல்ல. ஆனாலும் 'இறால் வடையின் சுவை அருமை' என்ற என் வசனம் பிழை என்பதை அது காட்டிவிட்டது. ஊர் வரிசையில் நிற்பது இறாலுக்காக அல்ல, சம்பலுக்காக. கொச்சிக்காயை நசுக்காமல் மெல்லிசாக அரிவதும், புளியைக் கடைசியில் விடுவதும், கருவேப்பிலையைப் பொரித்துத் தூவுவதும் அவருடைய கைப்பக்குவம். அந்த வண்டிலின் மிகச் சுவையான பொருளும் மிக ஆபத்தான பொருளும் ஒன்றாகவே இருந்தன. இதனால்தான் சுவைக்கு ஒன்பது, சுத்தத்துக்கு மூன்று, சராசரி ஆறு என்று எழுதக் கூடாது. அந்த ஆறு எதைச் சொல்கிறது? வாசிப்பவர் சம்பலை வாங்குவதா விடுவதா என்பதை அது சொல்லாது. இரண்டையும் தனித்தனியே, காரணத்தோடு எழுதத்தான் வேண்டும்.

எழுதி வைத்ததை வாப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவங்க எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்ல, விருப்பமெண்டாச் சாப்பிடுவாங்க, இல்லாட்டி விட்டுருவாங்க. தெரியுந்தானே மகள்?" என்றார். தெரியும். சுவையைப் பற்றி எழுதிய பகுதியில் ஏளனமாக இருந்த இரண்டு சொற்களை அதற்காகவே எடுத்துவிட்டேன். ஆனால் மற்றவருக்குக் கெடுதல் வரக்கூடும் என்று கண்டதை மறைப்பதும் சரியல்லவே என்று கேட்டேன். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப முதல்ல அந்த மனுசனிட்டச் சொல்லு. அவருக்குத் தெரியாம ஊருக்குச் சொல்றது சரியில்ல" என்றார்.

ஞாயிறு அஸருக்குப் பிறகு, கூட்டம் சேர முதல் போனோம். கொப்பியைக் கையில் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது. பேசினைப் பற்றியும் கையுறையைப் பற்றியும் சொன்னேன். கோபப்படவில்லை. "சம்பல முன்னுக்கே அரிஞ்சி வெச்சாத்தான் மகள் மஃரிப் கூட்டத்துக்குக் குடுக்கேலும். இங்க பைப்பும் இல்ல, தண்ணி வீட்டுல இருந்து கேன்லதான் வருது" என்றார். அது எனக்குத் தோன்றாத காரணம். வியாழன் செய்த மாதிரி, சிறிய பேசின் இரண்டு வைத்து, ஒன்று முடிந்ததும் கழுவி மற்றதை எடுக்க ஏலாதா என்று கேட்டேன். அது ஏலும் என்றார். காசு வாங்கும் வேலையைத் தம்பியிடம் கொடுக்கவும் சம்மதித்தார். கடதாசி விடயத்தில் அசையவில்லை. வெள்ளைத்தாள் வாங்கினால் வடையின் விலையைக் கூட்ட வேண்டிவரும் என்றார்.

பிறகு என் விமர்சனத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். 'சம்பல் எப்போதும் பழையதன் மேல் புதியதாகக் கொட்டப்படுகிறது' என்ற வரியில் கையைக் காட்டினார். "எப்போதும் எண்டு எப்பிடிச் சொல்றீங்க? நீங்க வந்தது மூணு நாள்தானே, அதுலயும் வியாழன் கழுவினத்த நீங்களே சொன்னீங்களே?"

அவர் சொன்னது சரி. அங்கேயே பேனையை எடுத்து, 'எப்போதும்' என்பதை வெட்டி, 'நான் போன மூன்று நாட்களில் இரண்டில்' என்று எழுதினேன். விமர்சனத்தில் அந்த வரி இப்போது அப்படித்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி: 'தாச்சியிலிருந்து எடுத்த சூட்டோடு கேட்டு வாங்குங்கள். சம்பல் எத்தனை மணிக்கு அரிந்தது என்று கேளுங்கள், அவர் சொல்வார்.'